இன்னும் ஒரு சாண்: ஒரு பச்சிமோத்தானாசனப் படத்தைப் படிப்பது எப்படி

படத்தில் இருப்பவருக்கு 46 வயது. கணக்கு எழுதும் வேலை. நாளில் எட்டு ஒன்பது மணி நேரம் நாற்காலியில்தான். யோகா வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. பச்சிமோத்தானாசனத்தில் உட்கார்ந்து, மகனை விட்டுக் கைப்பேசியில் எடுத்த படத்தை அனுப்பி ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார்: "மாஸ்டர், நெத்திக்கும் முட்டிக்கும் இன்னும் ஒரு சாண் இருக்கு. எப்ப தொடும்?"

கேள்வி இயல்பானதுதான். ஹட யோக பிரதீபிகையே இந்த ஆசனத்தை அப்படித்தான் சொல்கிறது: கால்களைத் தண்டம்போல் நீட்டி, விரல்களைக் கைகளால் பற்றி, நெற்றியை முழங்கால் மேல் வைத்து இருக்க வேண்டும். வகுப்புச் சுவரில் தொங்கும் படங்களிலும் நெற்றி முழங்காலில்தான் இருக்கும். ஆனால் அது முடிந்த நிலையின் வர்ணனை. கால்களை முன்னால் நீட்டித் தண்டாசனத்தில் நிமிர்ந்து உட்காரக்கூடிய உடம்பு ஒன்று அதற்கு முன்பே தயாராக இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொன்னது. இந்தப் படத்தில் அந்த ஒரு சாணை அளப்பதால் எதுவும் தெரியவராது. பார்க்க வேண்டிய இடம் பேன்ட்டின் இடுப்புப் பட்டி.

கீழிருந்து மேலே

ஆசனப் படத்தைப் பார்க்கும்போது கண் முதலில் போவது தலைக்கும் கைக்கும். அங்கேதான் தவறு பளிச்சென்று தெரியும், ஆனால் பெரும்பாலும் அது தொடங்கிய இடம் அங்கே இல்லை. உட்கார்ந்து செய்யும் ஆசனமானால் தரையைத் தொடும் இடத்திலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும்.

தரையில் குதிகால்கள் இருக்கின்றன. முழங்காலின் பின்பக்கம் தரையிலிருந்து நாலு விரற்கடை எழும்பியிருக்கிறது. கால் விரல்களைக் கை இறுக்கிப் பிடித்திருப்பதில் கைநகங்கள் வெளுத்திருக்கின்றன. பாதங்கள் உடம்பின் பக்கம் இழுபட்டு நிற்கின்றன. இனி இடுப்பு. பட்டியின் முன்பகுதி உயர்ந்தும் பின்பகுதி தாழ்ந்தும் இருக்கிறது. ஒரு சொம்பைப் பின்னால் சாய்த்தால் அதன் விளிம்பு எப்படி நிற்குமோ அப்படி. அதாவது இடுப்பெலும்பு முன்னால் கவிழவே இல்லை, பின்னால் சாய்ந்து கிடக்கிறது. அவர் உட்கார்ந்திருப்பது பிட்டத்தின் அடியில் தட்டுப்படும் உட்காரும் எலும்பின் மேல் அல்ல, அதற்குப் பின்னால் வால் எலும்பை ஒட்டிய சதையின் மேல்.

அதற்கு மேலே உள்ளதெல்லாம் இதன் தொடர்ச்சிதான். இடுப்பெலும்பு பின்னால் போகும்போது உடம்பு முன்னால் போக வேண்டுமானால் முதுகு வளைந்தே ஆக வேண்டும். சட்டை, கீழ்முதுகில் ஒரு மடிப்புகூட இல்லாமல் இழுத்துக் கட்டிய படுதாபோல் இருக்கிறது. வயிற்றுப் பக்கம் மடிப்பு மேல் மடிப்பாகக் குவிந்திருக்கிறது. கூனின் உச்சி தோள்பட்டை எலும்புகளுக்குக் கொஞ்சம் கீழே. தோள்கள் காதருகே ஏறியிருக்கின்றன. முகவாய் முன்னால் நீண்டு முழங்காலைத் தேடுகிறது. அந்த ஒரு சாணைக் குறைக்கக் கழுத்து செய்யும் கடைசி முயற்சி அது.

வகுப்பில் இதைப் பார்த்தால் பொதுவாகச் சொல்லப்படும் திருத்தங்கள் மூன்று: முழங்காலைத் தரையோடு அமுக்கு, முதுகை நேராக்கு, பின்னாலிருந்து ஒருவர் மெதுவாகத் தள்ளட்டும். இந்த மூன்றுமே இந்த உடம்புக்குப் பொருந்தாது. அதிலும் முதலாவது நிலைமையை மோசமாக்கும்.

காரணம் தொடையின் பின்தசை ஓடும் பாதையில் இருக்கிறது. அந்தத் தசைக் கூட்டத்தின் பெரும்பகுதி உட்காரும் எலும்பில் தொடங்கி, முழங்காலையும் தாண்டிக் கீழ்க்கால் எலும்புகளில் போய் ஒட்டுகிறது. இடுப்பு மூட்டு, முழங்கால் மூட்டு இரண்டையும் அது கடப்பதால் இரண்டு முனையிலும் அதை இழுக்கலாம். முழங்காலை நீட்டினால் கீழ்முனை இழுபடும். நீளம் போதாத தசையானால் மேல்முனையில் இருக்கும் உட்காரும் எலும்பைத் தன் பக்கம், அதாவது முன்னால், இழுத்துக்கொள்ளும். உட்காரும் எலும்பு முன்னால் நகர்ந்தால் இடுப்பெலும்பின் மேல்விளிம்பு பின்னால் சாயும். இப்போது முழங்காலை இன்னும் அமுக்கச் சொன்னால் என்ன ஆகும்? இடுப்பு இன்னும் பின்னால் போகும், கூன் இன்னும் கூடும். அந்த நிலையில் பின்னாலிருந்து தள்ளினால் தள்ளும் விசை தொடைக்குப் போகாது. ஏற்கெனவே மடங்கிய கீழ்முதுகில் எலும்புகளுக்கு நடுவே உள்ள வட்டுகளிலும் தசைநார்களிலும்தான் போய் விழும். இறுகிய உடம்புக்காரர்களை முன்குனியும் ஆசனத்தில் யாரும் பின்னாலிருந்து அழுத்தக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

படத்தை மறுபடி எடுத்தது

முதல் படத்தை அப்படியே நம்பித் தீர்ப்புச் சொல்ல முடியாது. மகன் நின்றுகொண்டு, கால் பக்கத்து மூலையிலிருந்து எடுத்திருக்கிறார். மேலிருந்து எடுத்தால் முதுகின் கூன் தட்டையாகத் தெரியும். மூலையிலிருந்து எடுத்தால் நெற்றிக்கும் முழங்காலுக்கும் உள்ள தூரம் குறைந்து தெரியும். உண்மையில் இருப்பதைவிட நன்றாகக் காட்டும் படம் அது. எனவே இன்னொரு முறை எடுக்கச் சொல்லி, எப்படி என்றும் சொல்லப்பட்டது.

கைப்பேசி தரையிலிருந்து சுமார் 40 செ.மீ. உயரத்தில், முக்காலி மேலோ இரண்டு டப்பாக்களுக்கு நடுவிலோ அசையாமல் நிற்க வேண்டும். ஆளுக்கும் கைப்பேசிக்கும் நடுவில் மூன்று மீட்டர் தூரம். அகலக் கோணம் காட்டும் 0.5x வேண்டாம், ஓரங்களை அது இழுத்து வளைக்கும். 1x அல்லது 2x போதும். கால்கள் டைல்ஸ் கோட்டின் மேலே நீண்டிருக்க, கைப்பேசி அந்தக் கோட்டுக்கு நேர் குறுக்கே பார்க்க வேண்டும். டைல்ஸ் கோடு படத்தில் கிடைமட்டமாகத் தெரிந்தால் கைப்பேசி சாயவில்லை என்று அர்த்தம். தொளதொளப்பான குர்தாவுக்குப் பதில் உடம்போடு ஒட்டிய பனியன், அதை உள்ளே செருகியிருக்க வேண்டும். படமாக இல்லாமல் வீடியோவாக எடுத்து வேண்டிய இடத்தில் நிறுத்திப் பார்ப்பது இன்னும் நல்லது. படத்துக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி கூடுதலாக எட்டிப் பிடிக்கும் வழக்கம் எல்லோருக்கும் உண்டு.

குறிகளுக்கு ஸ்டிக்கர் பொட்டு போதும். கழுத்தின் அடியில் துருத்தும் எலும்பில் ஒன்று, தொடையின் பக்கவாட்டில் மேடாகத் தட்டுப்படும் எலும்பில் ஒன்று, முழங்காலின் வெளிப்பக்கத்தில் ஒன்று, கணுக்காலில் ஒன்று. இடுப்பின் சாய்வுக்கு மட்டும் பொட்டு போதாது. 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றைப் பின்பக்கம் நட்ட நடுவில் இடுப்புப் பட்டிக்குள் செருகி, முதுகெலும்பின் அடியில் உள்ள முக்கோண எலும்பின் மேல் படியும்படி டேப்பால் ஒட்டிக்கொள்ள வேண்டும். பட்டிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்கேல் இடுப்பெலும்பின் சாய்வைக் கண்ணால் பார்க்க வைக்கும். முதுகு இடுப்போடு சேர்ந்து போனால் ஸ்கேல் முதுகை ஒட்டியே இருக்கும். இடுப்பு நின்றுவிட்டு முதுகு மட்டும் மடங்கினால் ஸ்கேலின் மேல்முனைக்கும் முதுகுக்கும் நடுவே சந்து விழும்.

எடுத்தது இரண்டு நிலை: தண்டாசனம், பிறகு பச்சிமோத்தானாசனம். கைப்பேசியிலேயே படத்தின் மேல் கோடு போட்டுப் பார்த்ததில், தண்டாசனத்தில் ஸ்கேல் நெட்டுக்குத்திலிருந்து ஏறத்தாழ 25 டிகிரி பின்னால் சாய்ந்திருந்தது. கைகளைப் பின்னால் ஊன்றாமல் அவரால் உட்காரவே முடியவில்லை. பச்சிமோத்தானாசனத்தில் அவ்வளவு இழுத்த பிறகும் 20 டிகிரி பின்சாய்வு மிச்சம். ஸ்கேலின் மேல்முனையிலிருந்து முதுகு ஐந்து விரல் தள்ளிப் போயிருந்தது. விரலைப் பிடிப்பதற்காக அவர் செய்த குனிதலில் இடுப்பு மூட்டின் பங்கு வெறும் 5 டிகிரி. மீதி முழுக்க முதுகும் கழுத்தும். இந்த ஆசனம் அவருக்குத் தண்டாசனத்திலேயே முடிந்துவிடுகிறது.

எது இறுகியிருக்கிறது?

இடுப்பு கவிழாததற்குத் தொடைப் பின்தசை மட்டும்தான் காரணம் என்று படத்தை வைத்தே முடிவு கட்டக் கூடாது. தொந்தி தடுக்கலாம், இடுப்பு மூட்டே முன்பக்கம் முட்டலாம். தசையல்லாமல் நரம்பு இழுபடலாம். எப்படிக் கவிழ்ப்பது என்பதே உடம்புக்குத் தெரியாமலும் இருக்கலாம். நாலுக்கும் மாற்றுமுறை வேறு வேறு.

முதல் சோதனை முழங்காலை மடக்குவது. நாற்காலி நுனியில் உட்கார்ந்து, முழங்கால் மடங்கிய நிலையில், இரண்டு கைகளையும் தொடை மடிப்பில் வைத்துக்கொண்டு முன்னால் சாயச் சொல்ல வேண்டும். இவருக்கு ஸ்கேல் உடனே முன்னால் சாய்ந்தது, முதுகும் நேராக இருந்தது. முழங்கால் மடங்கியதும் தடை விலகுகிறது என்றால் தடை தொடைப் பின்பக்கத்தில் இருக்கிறது. அப்போதும் ஸ்கேல் அசையாமல் முதுகே மடங்கினால் அது பழக்கக் குறை. தொடை மடிப்பில் முன்பக்கம் கிள்ளுவதுபோல் வலித்தால் மூட்டைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, படுத்துக்கொண்டு கால் தூக்குவது. ஒரு கால் தரையோடு நீண்டிருக்க, மற்றதை முழங்கால் மடங்காமல் துண்டால் பிடித்துத் தூக்க வேண்டும். கீழே உள்ள கால் எழத் தொடங்கும் இடத்திலோ, தூக்கிய முழங்கால் மடங்கத் தொடங்கும் இடத்திலோ நிறுத்திவிட்டுப் படம் எடுக்க வேண்டும். இவருக்கு வலக்கால் 65 டிகிரி, இடக்கால் 60. நிமிர்ந்து உட்கார்ந்து காலை நீட்டுவதற்கு 90 வேண்டும். இவருக்குக் குறைவது 25 முதல் 30 டிகிரி, தண்டாசனத்தில் ஸ்கேல் காட்டிய பின்சாய்வும் ஏறத்தாழ அதேதான். இரண்டு வழியில் அளந்தும் ஒரே எண் வந்ததால் காரணம் உறுதியானது.

மூன்றாவது நரம்புக்கானது, இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பச்சிமோத்தானாசனத்தில் இருந்தபடியே, வேறெதையும் மாற்றாமல் தலையை மட்டும் நிமிர்த்தச் சொல்ல வேண்டும். தொடைத் தசை கழுத்தோடு ஒட்டவில்லை. அதனால் தசை இழுப்பானால் தலையை நிமிர்த்துவதால் மாறாது. தண்டுவடமும் காலுக்கு இறங்கும் நரம்பும் ஒரே தொடர் என்பதால் நரம்பு இழுப்பானால் தலை நிமிர்ந்ததும் குறையும். முதுகு கூனி, தலை குனிந்து, முழங்கால் நீண்டு, பாதம் தன் பக்கம் இழுபட்டு இருப்பது நரம்பை இரண்டு முனையிலும் பிடித்து நீட்டும் நிலை. நரம்பு இழுப்பைக் கண்டுபிடிக்க இயன்முறை மருத்துவர்கள் வேண்டுமென்றே உண்டாக்கும் நிலையும் இதேதான். இவருக்கு இடது கெண்டைக்காலில் இருந்த எரிச்சல் தலையை நிமிர்த்தியதும் பாதியானது, பாதத்தைத் தளர்த்தியதும் இன்னும் குறைந்தது. எனவே தசையோடு நரம்பும் சேர்ந்தே இழுபடுகிறது. நரம்பு தசையைப்போல் நீட்டி வைத்தால் இளகுவதில்லை, எரிச்சல்தான் கூடும். இந்த ஒரு தகவலால், கால் விரலைப் பிடித்து இழுப்பதும் தலையைத் தொங்கவிடுவதும் இவருடைய பயிற்சியிலிருந்து விலக்கப்பட்டன.

உயரத்தின் கணக்கு

இறுகிய உடம்புக்கு "போர்வையை மடித்து அதன் மேல் உட்காருங்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு உயரம் என்று சொல்வதில்லை. அதனால் மூன்று செ.மீ. மடிப்பில் உட்கார்ந்துவிட்டுப் பயனில்லை என்று விட்டுவிடுகிறார்கள்.

இடுப்பிலிருந்து குதிகால்வரை இவருக்கு 85 செ.மீ. இருக்கையை 5 செ.மீ. உயர்த்தினால் கால் தரையை நோக்கிச் சரிந்து, இடுப்பு மூட்டுக்கு ஏறத்தாழ மூன்றரை டிகிரி இடம் கிடைக்கும். 10 செ.மீ.க்கு 7 டிகிரி, 15 செ.மீ.க்கு 10. குறைவதோ 25 முதல் 30. ஆக, போர்வை மட்டும் இவரைக் காப்பாற்றாது. 45 செ.மீ. உயரமுள்ள சாதாரண நாற்காலி 32 டிகிரி தரும். அதனால்தான் இவருக்கு முதல் மாற்றுநிலை தரையில் இல்லை.

நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும், இல்லையென்றால் பின்னால் வழுக்கும். முன்பாதியில் உட்கார்ந்து, கால்களை முன்னால் நீட்டி, குதிகாலை யோகா பாயின் மேல் ஊன்றி, முழங்காலைப் பூட்டாமல் லேசாக மடங்கியே விட வேண்டும். பாதம் தளர்வாக இருக்கட்டும். கைகள் தொடையின் மேல். மூச்சை இழுக்கும்போது மார்புக் கூட்டைத் தூக்கி, விடும்போது தொப்புளைத் தொடைகளுக்கு நடுவே முன்னால் கொண்டுபோவதுபோல் இடுப்பிலிருந்து சாய வேண்டும். கைகள் முழங்காலைத் தாண்டிக் கெண்டைக்கால் பக்கம் வழுக்கிக்கொண்டு போகும். பார்வை பெருவிரலுக்கு ஒரு முழம் முன்னால் தரையில் இருந்தால் கழுத்து முதுகின் நீளத்திலேயே நிற்கும். இடுப்பின் சாய்வு நின்று முதுகு மடங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து ஒரு விரற்கடை பின்னால் வந்து, ஐந்து மூச்சு. அப்படி மூன்று முறை.

அந்த நிறுத்தும் இடத்தை உள்ளிருந்தே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இரண்டு கட்டைவிரல்களையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பிலும், சுண்டுவிரல்களைத் தொடை மடிப்பிலும் வைத்துக்கொண்டு சாய்ந்தால், இடுப்பு கவிழும்வரை சுண்டுவிரல் அழுந்திக்கொண்டே போகும். அழுத்தம் கூடாமல் விலா எலும்பு மட்டும் கட்டைவிரலை நோக்கி இறங்கத் தொடங்கினால் எல்லை வந்துவிட்டது. இரண்டே நாளில் ஸ்கேல் இல்லாமலே இது பிடிபட்டுவிடும்.

மூன்றாவது வாரத்திலிருந்து தரை. இங்கே உயரமும் முழங்கால் மடிப்பும் சேர்ந்தே வர வேண்டும். இருக்கைக்கு ஜமக்காளத்தை இறுக்கமாக மடித்து 15 செ.மீ. தலையணை உதவாது, பார்க்க 12 செ.மீ. இருக்கும், உட்கார்ந்ததும் 5 ஆகிவிடும். எதுவானாலும் உட்கார்ந்த பிறகு உள்ள உயரம்தான் கணக்கு. மடிப்பின் நடுவில் உட்காராமல் முன்விளிம்பில், உட்காரும் எலும்பு விளிம்புக்கு மேல் வரும்படி உட்கார வேண்டும். நடுவில் உட்கார்ந்தால் தொடையும் சேர்ந்து உயர்ந்துவிடும், கால் சரிவு கிடைக்காது.

முழங்காலுக்கு அடியில் சுருட்டிய போர்வை, 12 செ.மீ. தடிமன். முழங்கால் மடங்கினால் பின்தசை தளர்கிறது. ஆனால் முழங்கால் மேலே போகும்போது தொடையும் வயிற்றை நோக்கி எழும்புவதால் கிடைத்த தளர்வில் ஒரு பங்கு அதிலேயே செலவாகிவிடும். தரையில் வெறுமனே உட்கார்ந்துகொண்டு முழங்காலுக்கு மட்டும் பெரிய உருளை வைப்பவர்களுக்கு மாற்றம் தெரியாததற்கு இதுதான் காரணம். உருளை எவ்வளவு பெரிதானாலும் முழங்கால் தொடை மடிப்பைவிட உயரக் கூடாது. இவருக்கு 15 செ.மீ. இருக்கையும் 12 செ.மீ. உருளையும் சேர்ந்தபோது ஸ்கேல் நெட்டுக்குத்தாக நின்றது, கையை ஊன்றாமல் உட்கார முடிந்தது. அதற்குப் பிறகுதான் முன்னால் சாய்வது பற்றிப் பேச்சு.

சாய்வது நாற்காலியில் செய்தது போலவே. கைக்கு ஒரு நீளத் துண்டு, உள்ளங்காலின் நடுவில் மாட்டிப் பிடித்துக்கொள்ள. துண்டு ஒரு பிடிமானம், இழுக்கும் கயிறு அல்ல. துண்டைப் பிடித்து உடம்பை முன்னால் இழுத்தால் தோள் காதுக்கு ஏறும், முதல் படத்தில் இருந்த கூன் திரும்பி வந்துவிடும். முழங்கை நேராக, பிடி தளர்வாக இருந்தாலே போதும். 30 விநாடி இருந்து, நிமிர்ந்து, மறுபடி. மூன்று அல்லது நான்கு முறை, வாரத்தில் ஐந்து நாள். குதித்துக் குதித்து எட்டுவது கூடாது.

கூடவே படுத்த நிலையில் துண்டு பயிற்சியும். ஒரு முழங்காலை மடக்கிப் பாதத்தைத் தரையில் வைத்து, மற்றக் காலைத் துண்டால் தூக்கி, முழங்கால் லேசாக மடங்கியிருக்க 30 விநாடி. முதுகு தரையோடு கிடப்பதால் ஏமாற்றுவது கடினம். கீழ்முதுகில் வலி உள்ளவர்கள் முன்குனியாமல் இதை மட்டுமே செய்யலாம்.

நேரம் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊர் வகுப்புகள் பல காலை ஐந்தரைக்குத் தொடங்குகின்றன. இரவு படுத்திருக்கும்போது முதுகெலும்பு வட்டுகள் நீரை உறிஞ்சிப் பருத்திருக்கும். எழுந்த புதிதில் முதுகு விறைப்பாக இருப்பதும், முன்குனிந்தால் வட்டின் மேல் விழும் அழுத்தம் கூடுவதும் அதனால்தான். எழுந்து ஒரு மணி நேரம் நடமாடும்வரை ஆழமான முன்குனிதல் வேண்டாம். காலை வகுப்பானால் இந்த ஆசனம் கடைசியில் வரட்டும், அல்லது அன்றைக்கு நாற்காலி நிலையோடு நிறுத்திக்கொள்ளலாம். இவர் மாலை ஏழு மணிக்கு மாற்றிக்கொண்டார்.

படம் காட்டாதவை

படத்தில் எல்லாம் சரியாகத் தெரிந்தும் நிறுத்த வேண்டிய சில நிலைகள் உண்டு. இழுப்பு தொடையின் நடுப்பகுதியில் பரவலாக இருந்தால் சரி. உட்காரும் எலும்பிலேயே விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரு புள்ளியில் வலித்தால் அது தசைநார் ஒட்டும் இடத்தின் வலி. நீட்ட நீட்ட அது ஆறாது, மோசமாகும். கார் இருக்கையில் உட்காரும்போதும் குத்தத் தொடங்கினால் எல்லா முன்குனிதல்களையும் சில வாரம் விட்டுவிட வேண்டும்.

முழங்காலுக்குக் கீழே இறங்கும் மின்னல் வலி, மரத்துப்போதல், பாதத்தில் பலக்குறைவு ஆகியவை இருந்தால் எந்த மாற்றுநிலையும் வேண்டாம், மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு தொடைகளுக்கும் நடுவே உணர்வு குறைந்தாலோ சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எலும்பின் அடர்த்தி குறையும் எலும்புப்புரை இருப்பதாகச் சொல்லப்பட்டவர்கள், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்கள், முதுகைக் கூனி முன்குனியவே கூடாது. முதுகெலும்பின் முன்பகுதி நசுங்கி முறிய வாய்ப்புண்டு. அவர்களுக்குப் படுத்த நிலையே பச்சிமோத்தானாசனம்.

எட்டு வாரம் கழித்து

அதே டைல்ஸ் கோடு, அதே உயரம், அதே மாலை ஏழு மணி, அதே ஸ்கேல். படுத்துக் கால் தூக்கியதில் வலக்கால் 73, இடக்கால் 69. இருக்கை 15-லிருந்து 10 செ.மீ.க்கு இறங்கியிருந்தது, உருளை 8 செ.மீ. தண்டாசனத்தில் ஸ்கேல் நெட்டுக்குத்து. சாய்ந்த நிலையில் அது 15 டிகிரி முன்னால் சாய்ந்திருந்தது, முதுகு அதை ஒட்டியே நீண்டிருந்தது. பனியனின் பின்பக்கத்தில் மடிப்புகள் திரும்பியிருந்தன, வயிற்றுப் பக்கக் குவியல் இல்லை. இடது கெண்டைக்கால் எரிச்சல் வரவில்லை என்றார்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் முதலில் அளந்தது என்னவோ நெற்றியைத்தான். "மாஸ்டர், முன்னாடி ஒரு சாண், இப்ப ரெண்டு சாணுக்கு மேல இருக்கே?" இருக்கும். முதுகைக் கூனித் தலையைத் தொங்கவிட்டால் நெற்றி கிட்டே வரும். முதுகு நீளமாக இருந்தால் தலை கணுக்காலை நோக்கிப் போகும், முழங்காலை நோக்கி இறங்காது. முதல் படத்தில் இடுப்பு கொடுத்தது 5 டிகிரி, இரண்டாவதில் 15. ஒப்பிட வேண்டியவை இந்த இரண்டு எண்களும், இருக்கையின் உயரமும்தான்.

இரண்டாவது படத்தில் ஒரு குறை மிச்சமிருக்கிறது. வலத்தோள் இடத்தோளைவிட ஏறியிருக்கிறது. துண்டின் வலப்பக்கம் மூன்று விரல் கூடுதலாகச் சுருட்டிப் பிடித்திருப்பது படத்தைப் பெரிதாக்கினால் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டு, அந்த முடிச்சைப் பிடித்தால் போதும். அடுத்த படம் முன்னாலிருந்து எடுக்கட்டும்.